27 வாரக் குழந்தையின் தலை அல்ட்ராசவுண்டு: இரண்டாம் கிரேடா, மூன்றாம் கிரேடா?

27 வாரம் 2 நாளில் பிறந்த ஆண் குழந்தை, எடை 940 கிராம். பிறந்ததுமே சுவாசக் குழாய் போட்டு சர்ஃபாக்டன்ட் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் இரத்த அழுத்தம் நிலையாக இல்லை, வென்டிலேட்டர் அளவுகளையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் ஹீமடோக்ரிட் 46-இலிருந்து 38-க்கு இறங்கியது. உச்சிக்குழி சற்றே இறுகியிருந்தது. அன்று எடுத்த தலை ஸ்கேனில் மூளைக்குள் கசிந்த இரத்தத்துக்கு 'இடது பக்கம் கிரேடு 2, வலது பக்கம் கிரேடு 1' என்று அறிக்கை வந்தது. பன்னிரண்டாம் நாள் வேறொருவர் எடுத்த ஸ்கேனில் 'இடது பக்கம் கிரேடு 3' என்று வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் நடுவில் மீண்டும் இரத்தம் கசிந்திருக்கிறது என்றே நினைப்பார்கள். பெற்றோரிடமும் அப்படித்தான் சொல்லப்படும். ஆனால் படங்களில் புதிய இரத்தம் எதுவும் இல்லை.

இது பல குழந்தைகளின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் கண்டறிதல்களைக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு. கிரேடு எப்படி முடிவாகிறது, பன்னிரண்டாம் நாள் அறிக்கை எங்கே தடம் மாறியது என்பதைப் படம் படமாகப் பார்ப்போம்.

இரத்தம் கசியும் இடம்

குறைமாதக் குழந்தையின் மூளையில், நீர் நிறைந்த பக்க அறைகளின் அடிச்சுவரில், காடேட் கருவின் தலைப்பகுதிக்கு மேல், ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்ற மென்திசு இருக்கிறது. மூளைச் செல்கள் பிறக்கும் இடம் அது. அங்குள்ள இரத்தக் குழாய்களின் சுவர் மிக மெல்லியது, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் திசுவும் குறைவு. இரத்த ஓட்டம் திடீரென்று ஏறி இறங்கினால் அவை தாங்காது. கர்ப்ப வாரம் ஏற ஏற இந்தத் திசு சுருங்கிக்கொண்டே வருகிறது. 32 வாரத்துக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் கசிவு அரிதாக வருவதற்கு அதுதான் காரணம். 27 வாரத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் காடேட்டும் தலாமஸும் சந்திக்கும் பள்ளத்தின் ஓரத்தில்தான். அதனால் ஸ்கேனில் முதலில் கண் போக வேண்டிய இடம் அந்தப் பள்ளம். கசிவு பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். இந்தக் கடைசித் தகவல் பன்னிரண்டாம் நாள் படத்தைப் படிக்கும்போது கைகொடுக்கும்.

இன்று எல்லோரும் சொல்லும் நான்கு கிரேடுகளை 1978-இல் பேபிலும் அவரது குழுவினரும் வகுத்தார்கள். 1500 கிராமுக்குக் குறைவான குழந்தைகளின் சி.டி. படங்களை வைத்து வகுத்தது அது. ஜெர்மினல் மேட்ரிக்ஸுக்குள் மட்டும் இரத்தம் இருந்தால் முதல் கிரேடு. அறைக்குள் வந்திருந்து அறை விரியாமல் இருந்தால் இரண்டு. அறை விரிந்திருந்தால் மூன்று. மூளைத் திசுவிலும் இரத்தம் இருந்தால் நான்கு. அல்ட்ராசவுண்டு பழக்கத்துக்கு வந்த பிறகு வோல்பே இதைச் சற்று மாற்றினார். நடுக்கோட்டிலிருந்து விலகிய பக்கவாட்டு வெட்டுப் படத்தில் அறையின் பரப்பில் எத்தனை விழுக்காட்டை இரத்தம் அடைத்திருக்கிறது என்று அவர் பார்த்தார். 10 விழுக்காட்டுக்குள் என்றால் முதல் கிரேடு, 10 முதல் 50 வரை இரண்டு, 50-ஐத் தாண்டினால் மூன்று. மூன்றாம் கிரேடில் பெரும்பாலும் இரத்தமே அறையை உப்ப வைத்திருக்கும். திசுவில் உள்ள கசிவுக்கு அவர் எண் தரவில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு இடம் என்று தனியாக எழுதச் சொன்னார்.

இரண்டு முறைகளும் பெரும்பாலான குழந்தைகளில் ஒரே எண்ணைத்தான் தரும். பிசகு வருவது 'அறை விரிந்திருக்கிறது' என்ற ஒரு சொல்லில். இரத்தம் நிரம்பி அறை விரிவதும், இரத்தம் நீர்ப்பாதையை அடைத்ததால் நாள்கள் கழித்து நீர் தேங்கி அறை விரிவதும் வேறு வேறு. இரண்டும் அளவுகோலில் ஒரே மில்லிமீட்டரைக் காட்டும்.

மூன்றாம் நாள் படங்கள்

உச்சிக்குழி வழியாக 8 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறுமுகப் புரோப் வைத்து ஸ்கேன் தொடங்கியது. நெற்றிப் பக்கத்திலிருந்து பின்தலை வரை கொரோனல் வெட்டுகளில் மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு பக்க மண்டையோடும் ஒரே வடிவத்தில் தெரிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். புரோப் ஒருக்களித்திருந்தால் ஒரு பக்க அறை பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் விழும். அது நோயல்ல, வெட்டின் கோணல்.

பக்க அறைகள் மூன்றாம் அறையோடு சேரும் மன்ரோ துளை மட்டத்தில், இடது அறையின் அடிச்சுவரில் காடேட்டின் தலையை ஒட்டி 6 × 4 மி.மீ. அளவில் வெண்மையான உருண்டை தெரிந்தது. வலது பக்கம் அதே இடத்தில் 4 மி.மீ. புள்ளி. கொரோனல் படத்தில் மட்டும் தெரிந்த எதையும் கசிவு என்று எழுதக் கூடாது, பக்கவாட்டு வெட்டிலும் அது அதே இடத்தில் இருக்க வேண்டும். இங்கே இருந்தது.

மூளைநீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலையும் இரத்தத்தையும் பிரித்தறிவதுதான் இந்தத் துறைக்குப் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம். இரண்டும் வெண்மை. இங்கே உடற்கூறு தெளிவான துணை. கோராய்டு பின்னல் தலாமஸைச் சுற்றி வளைந்து வந்து, முன்பக்கம் போகப் போக மெலிந்து, காடேட்-தலாமஸ் பள்ளத்தில் கூர்மையாக முடிந்துவிடும். மன்ரோ துளைக்கு முன்னால், முன்கொம்புக்குள், கோராய்டு கிடையாது. பின்கொம்புக்குள்ளும் கிடையாது. ஆகவே பள்ளத்தில் வால்போல மெலிய வேண்டியது தடித்துத் திரண்டிருந்தால் அது இரத்தம். முன்கொம்பிலோ பின்கொம்பிலோ வெண்மையான பொருள் இருந்தாலும் இரத்தம்தான். நடுவில், கோராய்டு தடித்திருக்கும் முக்கோணப் பகுதியில்தான் ஐயம் எஞ்சும். அங்கே கோராய்டின் விளிம்பு கரடுமுரடாகவோ ஒரு பக்கம் மட்டும் பருத்தோ இருந்தால், அதன்மேல் இரத்தக் கட்டி ஒட்டியிருக்கலாம். கலர் டாப்ளரில் குறைவேக அளவு வைத்துப் பார்த்தால் கோராய்டில் ஓட்டம் தெரியும், கட்டியில் தெரியாது. ஆனால் இவ்வளவு சிறிய குழந்தையின் கோராய்டில் ஓட்டம் மிக மெதுவானது. ஓட்டம் தெரிந்தால் அது கோராய்டு என்று நம்பலாம், தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து இரத்தம் என்று முடிவு செய்யக் கூடாது.

இந்தக் குழந்தையின் இடது பக்கவாட்டு வெட்டில், பள்ளத்துக் கட்டி அறையின் அடிச்சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீண்டிருந்தது. பின்கொம்பின் தாழ்ந்த பகுதியில் வெண்மையான படிவு இருந்தது. உச்சிக்குழியிலிருந்து பார்க்கும்போது பின்கொம்பு தொலைவில் இருப்பதால், பின்தலைக் குழி வழியாகவும் பார்க்கப்பட்டது. குழந்தை மல்லாந்து படுத்திருப்பதால் இரத்தம் முதலில் அங்கேதான் தேங்கும். சிறிய அளவு கசிவை முதல் கிரேடிலிருந்து இரண்டாம் கிரேடுக்கு மாற்றுவது பல நேரங்களில் இந்த ஒரு பார்வைதான். வலது பின்கொம்பில் எதுவும் இல்லை, வலது அறையின் அடிச்சுவரும் உடையாமல் நேர்க்கோடாக ஓடியது.

அடுத்தது அளவு. இடது பக்கவாட்டு வெட்டில் அறை முழுவதும் தெரியும் ஒரு படத்தை நிறுத்தி, அறையின் மொத்தப் பரப்பில் இரத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பிடப்பட்டது. இதற்கு அளவுகோல் வைத்து வரைய வேண்டியதில்லை, பாதிக்கு மேலா கீழா என்பது தெளிவாக இருந்தால் போதும். பாதி அளவில் தள்ளாடும் படங்களில் மட்டும் பரப்பை வரைந்து பார்ப்பது நல்லது.

அறையின் விரிவைக் கண்ணால் சொல்லாமல் அளந்தே சொல்ல வேண்டும். மன்ரோ துளை மட்டத்துக் கொரோனல் படத்தில், நடுக்கோட்டிலிருந்து அறையின் வெளிவிளிம்பு வரை உள்ள தூரம் வென்ட்ரிகுலர் இண்டெக்ஸ். லெவீன் தந்த அளவு இது. அதைக் கர்ப்ப வாரத்துக்கான வரைபடத்தில் 97-ஆம் சதமானக் கோட்டுடன் ஒப்பிட வேண்டும். அதே படத்தில் முன்கொம்பின் மிக அகன்ற இடத்தில், அதன் நீள அச்சுக்குச் செங்குத்தாக எடுப்பது முன்கொம்பு அகலம். 3 மி.மீ.-க்குள் இருந்தால் இயல்பு. இந்தக் குழந்தைக்கு இடது இண்டெக்ஸ் 9.6 மி.மீ., வலது 9.1. முன்கொம்பு அகலம் இடது 2.4, வலது 1.8. எல்லாம் கோட்டுக்குள்.

ஆகவே மூன்றாம் நாள் அறிக்கை சரி. இடது பக்கம் பேபில் முறையிலும் வோல்பே முறையிலும் கிரேடு 2, வலது பக்கம் கிரேடு 1. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எண் கொடுத்தது அந்த அறிக்கையின் சிறப்பு. 'கிரேடு 2 கசிவு' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் பின்னால் எந்தப் பக்கம் எப்படி மாறியது என்று யாராலும் தொடர முடியாது.

நான்காம் கிரேடு இல்லை என்று எப்படித் தெரிந்தது

அதே ஸ்கேனில் முக்கோணப் பகுதிக்குப் பின்னும் மேலும் உள்ள வெண்பொருள் இரண்டு பக்கமும் சற்று வெளிர்ந்து தெரிந்தது. இடது பக்கம் இரத்தம் இருப்பதால் அங்கே மட்டும் கண் நின்று, 'திசுவிலும் கசிவோ' என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் அந்த வெளிர்ப்பு இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, கோராய்டை விடக் கண்டிப்பாக மங்கலாக இருந்தது, விளிம்பு தூரிகையால் இழுத்ததுபோல நேர்த்தியாக இருந்தது. பின்தலைக் குழி வழியாகப் பார்த்தபோது மறைந்துவிட்டது. நரம்பு இழைகள் ஒலிக்கற்றைக்குச் செங்குத்தாகக் கிடக்கும்போது வரும் இயல்பான தோற்றம் இது. கோணத்தை மாற்றினால் போய்விடும்.

உண்மையான நான்காம் கிரேடு வேறு மாதிரி இருக்கும். அறைக்குள் இருந்த இரத்தம் சுவரைக் கிழித்துத் திசுவுக்குள் பரவியது என்று முன்பு எண்ணினார்கள். இப்போது அது சிரை அடைப்பால் வரும் இரத்தக்கசிவுள்ள திசு இறப்பு என்று புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. ஜெர்மினல் மேட்ரிக்ஸில் திரண்ட கட்டி அதை ஒட்டி ஓடும் முனையச் சிரையை நெரிக்கிறது. வெண்பொருளிலிருந்து அந்தச் சிரைக்கு வரும் சிறு கிளைகளில் இரத்தம் தேங்கி, திசு நசிகிறது. அதனால்தான் படத்தில் அது பெரிய கட்டி உள்ள பக்கத்திலேயே, விசிறிபோல அறையின் வெளிக்கோணத்திலிருந்து விரிந்து, கோராய்டுக்கு நிகரான வெண்மையோடு தெரியும். பல நேரங்களில் அறைக்குள் கசிந்த ஓரிரு நாள் கழித்தே வரும். இந்தக் குழந்தைக்கு ஆறாம் நாள் மீண்டும் பார்த்ததற்கு அதுவே காரணம். அன்றும் திசு தெளிவாக இருந்தது, இரத்தத்தின் அளவும் கூடவில்லை.

மாஸ்டாய்டு குழி வழியாகச் சிறுமூளையும் பார்க்கப்பட்டது, இயல்பு. பேபில் எண்ணில் சிறுமூளைக் கசிவுக்கு இடமே இல்லை, எனவே அதைத் தேடிப் பார்த்தோம் என்று அறிக்கையில் தனி வரியாக எழுத வேண்டும்.

பன்னிரண்டாம் நாள்: எண் ஏறியது, இரத்தம் ஏறவில்லை

பன்னிரண்டாம் நாள் குழந்தைக்கு 29 வாரம் முடிந்திருந்தது. இடது இண்டெக்ஸ் 12.3 மி.மீ. அந்த வாரத்துக்கான 97-ஆம் சதமானக் கோட்டைத் தாண்டியிருந்தது. இடது முன்கொம்பு அகலம் 5.2. பக்கவாட்டு வெட்டில் தலாமஸின் வெளி விளிம்பிலிருந்து பின்கொம்பின் கடைசி முனை வரையுள்ள தூரம், அதாவது பின்பக்க அளவு, 23 மி.மீ. வலது பக்கம் இண்டெக்ஸ் 10.3, அகலம் 2.7.

அறிக்கை எழுதியவரின் கணக்கு இப்படி ஓடியிருக்கும்: இரத்தம் அறைக்குள் இருக்கிறது, அறை விரிந்திருக்கிறது, ஆகவே கிரேடு 3. பேபில் வரையறையின் சொற்களை அப்படியே எடுத்தால் தர்க்கம் நேராகத்தான் தெரியும். ஆனால் படம் அதைச் சொல்லவில்லை. விரிந்த அறைக்குள் நிரம்பியிருந்தது கறுப்பாகத் தெரியும் நீர். இடது பள்ளத்துக் கட்டி சுருங்கி, நடுவில் கறுத்து, விளிம்பு மட்டும் வெண்மையாக இருந்தது. அதாவது கரையத் தொடங்கிய பழைய கட்டி. பின்கொம்புப் படிவும் மெலிந்திருந்தது. அறையின் உட்சுவர் மெல்லிய வெண்கோடாக மின்னியது. இரத்தம் படிந்த சுவர் எரிச்சலுற்றுத் தடிக்கும்போது வரும் அடையாளம் அது, கசிந்த சில நாள்களில் தோன்றி வாரக்கணக்கில் நிற்கும். நீரில் மிதக்கும் நுண்துகள்களும் தெரிந்தன. ஹீமடோக்ரிட்டில் புதிய சரிவு இல்லை. 72 மணி நேரத்துக்கு அப்பால் பெருங்கசிவு நடந்ததற்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் கிரேடு என்றால் கசிந்த நாளிலேயே அறையைப் பாதிக்கு மேல் இரத்தம் அடைத்து விரிக்க வேண்டும். அறையின் வார்ப்புபோல வெண்கட்டி நிற்கும், நீர் ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கும். இங்கே நடந்தது அதுவல்ல. உடைந்த இரத்தத்தின் எச்சங்கள் நீர்ப்பாதையின் குறுகிய இடங்களிலும், நீரை உறிஞ்சும் சவ்வுகளிலும் படிந்து, ஒன்றிரண்டு வாரத்தில் நீர் தேங்கத் தொடங்கியிருக்கிறது. இது கசிவுக்குப் பிந்தைய அறை விரிவு. கிரேடு ஒரு முறை நடந்த கசிவின் அளவைச் சொல்வது. அறை விரிவு இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்வு, அதை வாரம் இரண்டு முறையாவது அளந்து தொடர வேண்டும். ஒன்றை இன்னொன்றின் எண்ணுக்குள் அடைத்துவிட்டால், பெற்றோருக்குச் சொல்லும் எதிர்காலக் கணிப்பும் தவறும், இப்போது கவனிக்க வேண்டிய நீர்த்தேக்கமும் ஒரு எண்ணுக்குப் பின்னால் மறையும். இரண்டாவது இழப்புதான் எங்கள் பார்வையில் பெரியது. 'கிரேடு 3' என்று படிக்கிறவர் கசிவு முடிந்த கதை என்று நினைப்பார், அடுத்த அளவை நாளைக்கா அடுத்த வாரமா என்று கேட்க மாட்டார்.

பன்னிரண்டாம் நாள் எடுத்ததே முதல் ஸ்கேனாக இருந்தால் என்ன எழுதுவது? வேறு மருத்துவமனையிலிருந்து தாமதமாக வந்து சேரும் குழந்தைகளில் இது நடக்கும். கட்டி பழையது, அறையில் நீர் நிறைந்திருக்கிறது என்றால், கசிந்த அன்று அறை எப்படி இருந்தது என்று படத்திலிருந்து சொல்ல வழியில்லை. அப்போது 'அறைக்குள் பழைய இரத்தக் கட்டி, அறை விரிவு உண்டு, முதல் ஸ்கேன் பன்னிரண்டாம் நாள், தொடக்கக் கிரேடு தீர்மானிக்க இயலாது' என்று எழுதி, மூன்று அளவுகளையும் தருவதே நேர்மை.

அளவு பிசகும் இடங்கள்

இடது இண்டெக்ஸ் 12.3 என்பதை நம்பும் முன் வெட்டின் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. புரோப் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்தால் மன்ரோ துளைக்குப் பதிலாக அறையின் உடல் பகுதி படத்தில் விழும். அங்கே அறை இயல்பாகவே அகலம், இண்டெக்ஸ் ஓரிரு மில்லிமீட்டர் கூடிவிடும். பக்க அறைகளும் மூன்றாம் அறையும் சேரும் இடம் அதே படத்தில் தெரிகிறதா என்று பார்த்தால் இந்தப் பிழை வராது. முன்கொம்பு அகலத்தில் வேறு பிழை. அச்சுக்குச் செங்குத்தாக இல்லாமல் கிடைமட்டமாக அளந்தால் சாய்ந்த கொம்பு அகலமாகத் தெரியும்.

விரிவு பெரும்பாலும் பின்கொம்பில் தொடங்கி, பிறகே முன்கொம்புக்கு வரும். எனவே முன்பக்க அளவுகள் இரண்டும் கோட்டுக்குள் இருக்கும்போதே பின்பக்க அளவு ஏறத் தொடங்கலாம். அதே நேரம் குறைமாதக் குழந்தைகளின் பின்கொம்பு இயல்பிலேயே சற்றுப் பெரியது, இடது வலது சமமாக இருப்பதும் இல்லை. ஒரே ஒரு பின்பக்க அளவை வைத்துப் பதறுவதில் பொருளில்லை. அடுத்தடுத்த அளவுகள் ஏறுகின்றனவா என்பதே முக்கியம். தலைச் சுற்றளவை நம்பிக் காத்திருக்கவும் கூடாது. மூளையைச் சுற்றியுள்ள நீர் இடைவெளி பெரிதாக இருப்பதாலும் மூளைத் திசுவில் நீர் மிகுதியாக இருப்பதாலும், அறை விரிந்து நாள்கள், சில நேரம் வாரங்கள் கழித்தே தலை வேகமாகப் பெருக்கும்.

கவனிக்க ஒரு பொது ஒழுங்கும் உண்டு. எல்விஸ் என்ற பன்னாட்டு ஆய்வில் இண்டெக்ஸ் 97-ஆம் சதமானத்தைத் தாண்டி, முன்கொம்பு அகலம் 6 மி.மீ.-க்கு மேலோ பின்பக்க அளவு 25 மி.மீ.-க்கு மேலோ போனதை முன்கூட்டிய தலையீட்டுக்கான வாசலாக வைத்தார்கள். தாமதமான வாசல், இண்டெக்ஸ் அந்தக் கோட்டுக்கு மேல் 4 மி.மீ.-யும் அகலம் 10 மி.மீ.-யும் தாண்டுவது. இந்தக் குழந்தை பன்னிரண்டாம் நாளில் முதல் வாசலுக்கு வெளியே, ஆனால் அருகில் இருந்தது. முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டிய கட்டம் இன்னும் வரவில்லை, அளவைத் தவறவிடவும் முடியாத கட்டம்.

திருத்திய அறிக்கை, பிறகு நடந்தது

பன்னிரண்டாம் நாள் அறிக்கை திருத்தி எழுதப்பட்டது: 'மூன்றாம் நாள் கசிவு: இடது கிரேடு 2, வலது கிரேடு 1. திசுக் கசிவு இல்லை, சிறுமூளை இயல்பு. இப்போது இடது பக்கம் கசிவுக்குப் பிந்தைய அறை விரிவு, வலது பக்கம் இல்லை. இடது இண்டெக்ஸ் 12.3 மி.மீ., முன்கொம்பு அகலம் 5.2, தலாமஸ் - பின்கொம்புத் தூரம் 23. புதிய கசிவுக்கு அறிகுறி இல்லை. மூன்று நாளில் மீண்டும் அளக்கவும்.'

பதினைந்தாம் நாள் இடது அகலம் 5.6, பத்தொன்பதாம் நாள் 5.5, இருபத்து மூன்றாம் நாள் 5.1. இண்டெக்ஸ் 12.7-இல் நின்றுவிட்டது. வரைபடத்துக் கோடு குழந்தையின் வாரத்தோடு மேலே ஏறியதால், 34 வாரத்தில் இடது அளவு மீண்டும் கோட்டுக்குள் வந்தது. தலைச் சுற்றளவு தன் கோட்டைவிட்டு விலகவே இல்லை. நீர் எடுக்க வேண்டிய தேவை வரவில்லை.

நிறைமாதத்துக்கு இணையான வயதில் எடுத்த ஸ்கேனில் இடது பள்ளத்தில், கட்டி கரைந்த இடத்தில், 3 மி.மீ. அளவில் சிறு நீர்க்கட்டி இருந்தது. முதல் அல்லது இரண்டாம் கிரேடு கசிவு ஆறியதன் வழக்கமான தழும்பு அது. இந்தப் படத்தை மட்டும் பார்ப்பவர் அதைப் பிறவி நீர்க்கட்டி என்று எழுதிவிட வாய்ப்புண்டு. பிறவி நீர்க்கட்டிகளில் ஒரு வகை முன்கொம்பின் வெளிக்கோணத்தை ஒட்டி, மன்ரோ துளைக்கு முன்னால் இருக்கும். இது பள்ளத்திலேயே, மன்ரோ துளையை ஒட்டிப் பின்னால் இருந்தது. முந்தைய படங்களும் அதே இடத்தில் கட்டியைக் காட்டின. அதையும் குறிப்பிட்டே இறுதி அறிக்கை முடிந்தது.